‘சொந்தத் தொழில்’ என்று யார் சொல்வது? – வீட்டிலிருந்து தைக்கும் ஒரு தொழிலாளியின் கேள்விகள்

வடகிழக்கு டெல்லியின் சீலம்பூரிலிருந்து ஒரு பெண் தொழிலாளி எழுதிய கேள்விகள் நமது இந்திப் பதிப்புக்கு வந்தன. அவருக்கு வயது 43. காந்தி நகர் ஆயத்த ஆடைச் சந்தையில் கடை வைத்திருக்கும் மொத்த வியாபாரி ஒருவருக்காக உள்பாவாடை தைக்கிறார். வியாபாரியை அவர் பார்த்ததில்லை. வெட்டிய துணியை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருபவரும், தைத்ததை எண்ணி வாங்கிச் செல்பவரும், கூலி தருபவரும் ஒரே ஒப்பந்தக்காரர்தான். அங்குள்ளோர் மொழியில் ‘டேக்கேதார்’. இக்கேள்விகளைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சட்ட விவரங்களைத் தொழிற்சங்க வழக்குகளைக் கவனிக்கும் தோழர்களிடம் கேட்டறிந்து, பதில்களையும் சேர்த்து இங்கே தருகிறேன். நம் தோழர்கள் பணியாற்றும் எந்த நகரத்திலும் இதே கேள்விகள் எழக்கூடும்.

கேள்வி: ஓர் உள்பாவாடைக்கு 8 ரூபாய் தருகிறார்கள். இது குறைவு என்று தெரிகிறது. எவ்வளவு குறைவு என்று எப்படிச் சொல்வது?

கடிகாரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும்போது வேலை நேரம் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. ஆனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் நேரம் மறைவதில்லை. நேர அடிப்படையில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட வேலையை உருப்படிக் கூலிக்குச் செய்தாலும், நேரக்கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

நீங்கள் ஒரு வாரம் குறித்து வைத்த கணக்கின்படி மணிக்கு 5 உருப்படி, 8 மணி நேரத்தில் 40. கூலி 320 ரூபாய். இதில் நூல், ஊசி, மின்சாரம், இயந்திரத்துக்கு எண்ணெய், மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரிக்‌ஷாச் செலவு எல்லாம் உங்களுடையவை. நாளொன்றுக்கு 40 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, கையில் நிற்பது 280 ரூபாய்.

டெல்லி அரசு 2025 ஏப்ரல் முதல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, திறன் தேவைப்படாத வேலைக்கே மாதம் 18,456 ரூபாய்; 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 710 ரூபாய். தையலைத் திறனற்ற வேலை என்று நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மிகக் கீழ்ப்படியில் வைத்துப் பார்த்தாலும், ஓர் உருப்படிக்கு 17 ரூபாய் 75 காசு வர வேண்டும். உங்கள் கைச்செலவு ஒரு ரூபாயைச் சேர்த்தால் 18 ரூபாய் 75 காசு. மாதம் 26 நாளுக்கு உங்கள் கையில் நிற்பது 7,280 ரூபாய். பற்றாக்குறை 11,176 ரூபாய்.

இக்கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘மகள் நாடா கோத்துத் தருவாள்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவள் உட்காரும் நேரம் உங்கள் 8 மணியில் சேரவில்லை. அவள் பள்ளிக்குப் போயிருக்கும் ஒரு நாளில், நீங்கள் மட்டும் தைத்து, நாடா கோத்து, நூல் வெட்டி, மடித்து, மணிக்கு எத்தனை முடிகிறது என்று மறுபடியும் எண்ணுங்கள். 4 தான் என்றால் வர வேண்டிய விலை 22 ரூபாயைத் தாண்டும். கூலி பேசும்போது ஒப்பந்தக்காரர் முதலில் சொல்வது, ‘பக்கத்து வீட்டில் நாளுக்கு 60 தைக்கிறார்களே’ என்பதுதான். அந்த 60க்குப் பின்னால் எத்தனை கைகள் என்பதை அவர் சொல்வதில்லை.

கேள்வி: ‘நீ என்னிடம் வேலை செய்யவில்லை, உன் வீட்டில், உன் இயந்திரத்தில், உன் சொந்தத் தொழில் செய்கிறாய்’ என்கிறார் ஒப்பந்தக்காரர். அவர் சொல்வது சரியா?

இதுதான் கேள்விகளிலெல்லாம் மூத்த கேள்வி. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இதற்கு நேரடியாகவே விடை வைத்திருந்தது. பிறருடைய வியாபாரத்துக்காகத் தரப்பட்ட பொருளைத் தன் வீட்டில் வைத்துச் செய்து தருபவரும் தொழிலாளியே என்று அதன் வரையறை கூறியது. அப்படிப்பட்டவருக்குச் சட்டம் இட்ட பெயரைத் தமிழில் ‘வெளிப்பணியாளர்’ என்று எழுதுவது வழக்கம். வீட்டு வாசற்படியைத் தாண்டாதவருக்கு இப்படியொரு பெயர்! முதலாளியின் வாசலில் நின்றுகொண்டு பார்த்தால்தான் இவர் ‘வெளியே’ இருக்கிறார்.

அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் வரையறையில் வெளிப்பணியாளர் என்ற சொல் இல்லை. வீட்டிலிருந்து உழைப்பவருக்கு வரையறை உண்டு; ஆனால் அது இருப்பது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில். அதாவது, திட்டம் கேட்கும் பயனாளியாக அவர் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார். கூலி கேட்கும் தொழிலாளியாக அழைக்கப்படவில்லை. நான்கு தொகுப்புகளைப் பற்றி நம் இயக்கம் பேசும்போது வேலைநிறுத்த உரிமையும் பணிநீக்கமும் முன்னுக்கு வருகின்றன, வரவும் வேண்டும். இந்தச் சிறு நீக்கம் பேச்சில் வருவதில்லை என்பது என் குறை.

ஆயினும் வாசல் அடைபட்டுவிடவில்லை. புதிய தொகுப்பிலும் ஒருவரை நேரடியாகவோ மற்றொருவர் மூலமாகவோ வேலைக்கு வைப்பவர் ‘வேலையளிப்பவர்’; ஒப்பந்தக்காரரும் அதில் அடக்கம். நீங்கள் அவருடைய தொழிலாளிதானா என்பதை உண்மைகளை வைத்தே நிறுவ வேண்டும். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் துணை நிற்கும். 1973இல் தீர்ப்பான சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு, உருப்படிக் கூலிக்குத் தைத்த தையற்காரர்களைப் பற்றியது. 1985இல் தீர்ப்பான பி.எம். பட்டேல் வழக்கு, வீட்டில் பீடி சுற்றியவர்களின் வருங்கால வைப்பு நிதியைப் பற்றியது. இரண்டிலும் நீதிமன்றம் கேட்ட கேள்வி ஏறத்தாழ ஒன்றே: செய்து தந்ததைச் சரியில்லை என்று தள்ளும் அதிகாரம் யாரிடம்? அந்த அதிகாரம் இருப்பவரிடம் வேலையின் மீதான கட்டுப்பாடும் இருக்கிறது. அருகில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டியதில்லை.

உங்கள் ஒப்பந்தக்காரர் தையல் கோணியது என்று மூட்டைக்கு நான்கைந்தைத் தள்ளுகிறார், பிரித்துத் தைக்கச் சொல்கிறார், கூலியில் பிடிக்கிறார். உங்களைச் ‘சொந்தத் தொழில்’காரர் என்பவர், தாம் மூட்டையைப் பிரித்துத் தள்ளும்போதெல்லாம் தம் வாதத்தைத் தாமே முறிக்கிறார்.

கேள்வி: என்னிடம் எந்த ஆவணமும் இல்லை. எதைக் காட்டுவது?

இருக்கிறது, ஆவணம் என்று நீங்கள் அதை நினைக்கவில்லை. மூட்டையில் குத்திய எண் சீட்டு, ஒப்பந்தக்காரர் கையால் எழுதிய துண்டுச் சீட்டு, ‘நாளை 200 வேண்டும்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கைப்பேசி வழியாக வந்த பணத்தின் பதிவு, பாவாடையில் தைக்கத் தந்த வியாபாரியின் பெயர்த்துணி. இந்தக் கடைசிப் பொருள்தான் ஒப்பந்தக்காரரைத் தாண்டி வியாபாரிவரை கொண்டுபோகும், ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். இவற்றுடன் வந்த மூட்டை, போன உருப்படி, தள்ளியவை, பெற்ற பணம், உட்கார்ந்த மணி ஆகியவற்றை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய நாட்களுக்கு இன்று உட்கார்ந்து எழுதாதீர்கள். ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதியதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் உடைப்பார்.

கூலி குறைந்தது என்று கோரிக்கை வைத்துவிட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு புதிய தொகுப்பின்படி வேலையளிப்பவருடையது. ஆனால் அதற்கு முதற்படியாக, நீங்கள் அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதை நீங்களே காட்ட வேண்டியிருக்கும். மேற்சொன்னவை அதற்காக. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் கோரிக்கைக்கு ஆறு மாதமே கெடு. இப்போது மூன்று ஆண்டு. நல்லதை நல்லது என்று சொல்லிவிடலாம். பதிவுபெற்ற சங்கத்தில் நீங்கள் உறுப்பினரானால், மனுவைச் சங்கமே தாக்கல் செய்யலாம். தனியாகச் செய்தால் மறுநாள் மூட்டை வராது.

கேள்வி: நலத்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கப் போனால், படிவத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

இங்கேதான் கண்ணி இருக்கிறது. இ-ஷ்ரம் பதிவில் சிக்கல் இல்லை. தையல் தொழில் என்று குறித்து அட்டையைப் பெற்றுவிடுங்கள். அது அமைப்புசாராத் தொழிலாளி என்பதற்கான அடையாளம். உங்கள் வேலையளிப்பவர் யார் என்பதை அது சொல்லாது, கூலியும் வாங்கித் தராது. பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத் திட்டத்தில் சேர வயது வரம்பு 18 முதல் 40 வரை. 43 வயதில் உங்களுக்கு அது கிடையாது. 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டம் அது. நாற்பதைத் தாண்டிய தையற்காரிக்கு முதுமையே வராது என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

விஸ்வகர்மா திட்டம் வேறு வகை. 2023இல் தொடங்கிய அத்திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய்க்கான பற்றுச்சீட்டும், 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய் வரை கடனும் கிடைக்கும். ஆனால் அது சுயதொழில் செய்யும் கைவினைஞருக்கானது. ‘உதயம்’ என்ற சிறுதொழில் பதிவும் உங்களை ஒரு நிறுவனத்தின் உரிமையாளராகவே எழுதிக்கொள்கிறது. நாளை நீங்கள் கூலி கேட்டு மனுச் செய்யும்போது, ஒப்பந்தக்காரரின் வழக்கறிஞர் கையில் எடுக்கக்கூடிய முதல் தாள் இதுவே. ஒரு கையால் இயந்திரத்துக்குக் கடன் தரும் அரசு, மறுகையால் ‘நான் யாருக்கும் தொழிலாளி அல்ல’ என்ற வாக்குமூலத்தை வாங்கிக்கொள்கிறது என்பது என் கருத்து.

அதனால் திட்டமே வேண்டாம் என்று ஒதுங்கச் சொல்லமாட்டேன். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்து நேரடியாகப் பணம் வாங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவில் நீங்கள் சுயதொழில் செய்பவர் என்பது உண்மை. அதற்காக விண்ணப்பிக்கலாம், அந்த வரவை நோட்டின் வேறு பக்கத்தில் தனியாக எழுதுங்கள். ஒருவர் காலையில் தொழிலாளியாகவும் மாலையில் சொந்தத் தொழில் செய்பவராகவும் இருப்பதற்குத் தடையில்லை. இயந்திரம் உங்களுடையது என்பதாலும் கெடுதல் இல்லை. கருவியையோ மூலப்பொருளையோ யார் தந்தாலும் வீட்டிலிருந்து உழைப்பவர் தொழிலாளியே என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் வரையறையே கூறுகிறது. ஒப்பந்தக்காரர் நீட்டும் தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். அவரே உங்களை உதயத்தில் பதிவு செய்து தருவதாகச் சொன்னால், அந்த அக்கறை எதற்கு என்று கேளுங்கள்.

கேள்வி: பீடி சுற்றும் பெண்களுக்கு வைப்பு நிதி உண்டென்கிறார்கள். எங்களுக்கு ஏன் இல்லை?

பீடிக்கு 1966இல் தனிச் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுபவரும் ஒப்பந்தக்காரர் மூலம் சுற்றுபவரும் அதற்குள் வந்தார்கள். தையலுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. வீட்டிலிருந்து உழைப்போருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை.

ஆனால் வைப்பு நிதிக்குத் தனிச் சட்டம் கட்டாயமன்று. 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில், ஒப்பந்தக்காரர் மூலம் அதன் வேலையைச் செய்பவரும் உள்ளடங்குவர். பட்டேல் வழக்கு வென்றதும் இந்த வழியில்தான். உங்கள் ஒப்பந்தக்காரர் சீலம்பூரிலும் பக்கத்துச் சந்துகளிலும் சுமார் முப்பது வீடுகளுக்கு மூட்டை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே வியாபாரியின் பெயர்த்துணி அந்த முப்பது வீடுகளிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வீட்டுக்கு ஒரு பெயர்த்துணி, ஒரு துண்டுச் சீட்டு, ஒரு கையெழுத்து என்று சேர்த்து, சங்கத்தின் வழியாக வைப்பு நிதி அலுவலகத்தில் விசாரணை கோரலாம். தீபாவளிச் சரக்குக்கு அவசர ஆர்டர் ஓடும் மாதங்களில் இதைத் தொடங்குங்கள். அப்போது முப்பது வீடுகளுக்கும் மூட்டையை நிறுத்த அவரால் இயலாது.