குரங்கு தின்றதும் மரம் உதிர்த்ததும்

பளையில் இருக்கும் என் பெரியம்மாவின் வளவில் பதினான்கு தென்னைகள் காய்க்கின்றன. இந்த முறை அங்கே போனபோது முற்றம் முழுக்கக் குரும்பட்டி கிடந்தது. சில புளியங்கொட்டை அளவு, சில எலுமிச்சம்பழ அளவு. "உந்தக் குரங்குச் சனியன்தான் பிள்ளை, வேற என்ன" என்றார் பெரியம்மா.

அவரைக் குறை சொல்ல முடியாது. தேங்காய் விலை இருநூறு ரூபாவைத் தாண்டிய நாட்களில் நாடு முழுக்க அதே பேச்சுத்தான். 2025 மார்ச் 15ஆம் திகதி குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் எண்ணச் சொல்லி அரசாங்கமே மக்களை வளவுக்குள் இறக்கியது. குரங்கு இளங்காய்களைப் பிடுங்கி எறிவது உண்மை. ஆனால் விழுந்து கிடப்பதையெல்லாம் அதன் கணக்கில் எழுதினால், மரம் தானாக உதிர்ப்பது எவ்வளவு என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

அதனால் ஒரு வாரம் அங்கேயே தங்கி, காலையில் கூட்டுவதற்கு முன் விழுந்த குரும்பட்டிகளை ஒரு கடகத்தில் சேர்த்தேன். ஏழு நாளில் அறுபத்துமூன்று. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன். பல்லால் கொறித்த தடமோ ஓட்டையோ இருந்தவை ஒன்பது. அவை அணில், எலி, குரங்கு என்று எதன் வேலையாகவும் இருக்கலாம். மற்றவற்றின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் இதழ்களைக் கத்தி நுனியால் கழற்றினேன். பதினொன்றில் தொப்பிக்குக் கீழே வெளிறிய முக்கோணத் திட்டு தெரிந்தது. அது சிற்றுண்ணியின் அடையாளம். 1997 இறுதியில் கற்பிட்டிப் பக்கம் முதலில் காணப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவிய அதே பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, திட்டுத்தான் தெரியும். காய் வளர வளர அந்தத் திட்டு கபில நிறமாகி, வெடித்த தோல் போலாகிவிடும். ஐந்து குரும்பட்டிகள் காம்புப் பக்கம் கறுத்து அழுகியிருந்தன. அது பூஞ்சணத்தின் வேலை.

மிச்சம் முப்பத்தெட்டு. அவற்றில் ஒரு கீறலும் இல்லை. மரம் தானாகவே கைவிட்டவை.

இதில் பயப்படாமல் விட வேண்டிய பங்கும் உண்டு. தென்னை தான் பூக்கும் பெண் பூக்கள் எல்லாவற்றையும் ஒருபோதும் காயாக்காது. ஒரு பாளையில் இருபது முப்பது பெண் பூ இருந்தால், நல்ல மரத்திலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உதிர்ந்துவிடும். பெரும்பாலும் பாளை வெடித்து முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் இது நடக்கும். ஆகவே குரும்பட்டி விழுகிறதா என்று கேட்பதில் பயனில்லை. எந்த அளவில் விழுகிறது, குலையில் எத்தனை மிஞ்சுகிறது என்றுதான் கேட்க வேண்டும். பெரியம்மாவின் மரங்களில் குலைக்கு இரண்டு மூன்றுதான் மிஞ்சியிருந்தன. இரண்டு மரங்களில் ஒரு குலை முழுவதும் வெறும் ஈக்கிலாகத் தொங்கியது.

மிகச் சின்னதாக, பாளை வெடித்து ஒரு மாதமளவில் விழுவது பெரும்பாலும் மகரந்தம் சேராத பூ. நெட்டைத் தென்னையில் ஆண் பூக்கள் முதலில் விரிந்து உதிர்ந்துவிடும், பெண் பூ அதன் பிறகுதான் தயாராகும். எனவே வேறு மரத்தின் மகரந்தம் தேனீயோடும் காற்றோடும் வந்தாக வேண்டும். பகல் வெப்பம் 33 பாகை செல்சியசுக்கு மேல் போகும் நாட்களில் மகரந்தமே வலுவிழக்கிறது. 2024இன் முற்பகுதியில் நாம் வெந்துகொண்டிருந்த நாட்களை நினைவிருக்கும். அப்போது வெடித்த பாளையின் தேங்காய் ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, 2025இன் தொடக்கத்தில் சந்தைக்கு வர வேண்டியது.

எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்த பிறகு, காயமில்லாமல் விழுவது வேறு கதை. மகரந்தம் சேர்ந்து காய் பிடித்துவிட்டது, ஆனால் அதை வளர்க்க மரத்திடம் ஒன்றுமில்லை. ஒன்றில் தண்ணீர் இல்லை, அல்லது பசளை இல்லை. எது என்று அறிய மேலே அண்ணாந்து ஓலையைப் பார்க்க வேண்டும்.

பெரியம்மாவின் மரங்களில் புது ஓலைகள் பச்சையாகவே இருந்தன. கீழ் ஓலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் விழுந்து, நுனியும் ஓரமும் தீய்ந்தது போல் காய்ந்திருந்தன. ஈர்க்கை ஒட்டிய பகுதி மட்டும் பச்சை. இது பொட்டாசியம் போதாத மரத்தின் முகம். தட்டுப்பாடு வரும்போது மரம் கிழட்டு ஓலையிலிருந்து பொட்டாசியத்தை உறிஞ்சிக் குருத்துக்குக் கொடுக்கிறது, அதனால்தான் நோய் கீழே தெரிகிறது. மக்னீசியக் குறைவும் கீழ் ஓலையில்தான் தொடங்கும். ஆனால் அது புள்ளியாக இல்லாமல், வெயில் படும் பக்கம் முழுவதும் மஞ்சளாகும். போரன் குறைந்தால் இதற்கு எதிர்மாறாகக் குருத்தோலை சுருங்கி, நுனி கொக்கி போல் வளையும். மரம் முழுக்க ஒரே மாதிரி வெளிறினால் நைதரசனைச் சந்தேகிக்கலாம்.

தென்னை மண்ணிலிருந்து மிக அதிகமாக எடுப்பது பொட்டாசியத்தைத்தான். ஒரு காயில் இருக்கும் பொட்டாசியத்தின் பெரும்பங்கு பொச்சில் இருக்கிறது. முன்பு பொச்சு மட்டை மரத்தடியிலேயே மக்கும், அல்லது கிடங்கு வெட்டித் தாழ்ப்பார்கள். இன்று உரிக்காத தேங்காயாகவே லொறியில் ஏறுகிறது. பெரியம்மாவும் அப்படித்தான் விற்கிறார். பளை மணலோ எதையும் பிடித்து வைக்காது, ஒரு பெருமழை போதும் கழுவிக்கொண்டு போக. போன பொட்டாசியம் திரும்பி வர வழி ஒன்றுதான், கடைப் பசளை. (கன்று நடும் கிடங்கில் எங்கள் ஆட்கள் உப்புப் போடுவார்கள். தென்னைக்குக் குளோரைட்டும் தேவை என்பதால் அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் உப்பு பொட்டாசியத்துக்கு ஈடாகாது.)

"கடைசியாக எப்ப பசளை போட்டனீங்கள், பெரியம்மா?"

"அந்தத் தடை வந்ததோட விட்டதுதான். பிறகு விலையைக் கேட்டாலே தலை சுத்தினது."

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பர் இறுதியில் தடை நீங்கியபோது உலகச் சந்தையில் விலை ஏறியிருந்தது. 2022இல் நாட்டில் டொலரே இல்லை. எம்.ஓ.பி எனப்படும் பொட்டாசியப் பசளை முழுக்க இறக்குமதி. நெல்லில் அந்தத் தடையின் விளைவு ஒரே போகத்தில் தெரிந்தது, வீதிக்கும் வந்தது. தென்னை அப்படிக் கத்தாது. இன்று வெடிக்கும் பாளை, ஓலைக்கவட்டுக்குள் கருவாக உருவாகி இரண்டரை மூன்று வருடம் ஆகிறது. வெடித்த பின் காய் முற்ற இன்னும் பதினொன்று, பன்னிரண்டு மாதம். பசளை இல்லாத 2021, 2022இல் கருவான பாளைகள் 2024இலும் அதன் பிறகும்தான் வெடித்தன. அதற்கு முன்பே வட்டில் இருந்த குலைகளையும் பட்டினி விட்டுவைக்கவில்லை. அவை பெண் பூவைக் குறைத்தன, பிடித்த காயையும் உதிர்த்தன. வெப்பம், வெண் ஈ, குரங்கு எல்லாம் இந்தப் பசித்த மரத்தின் மேல்தான் வந்து விழுந்தன. விலை ஏறியபோது தடை யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. என் பார்வையில் குரங்குக்கு இவ்வளவு பெயர் கிடைத்ததற்கு அந்த மறதியும் ஒரு காரணம்.

வரண்ட வலயத்தில் காய்க்கும் ஒரு தென்னைக்குச் சிபாரிசு செய்யப்படும் கலவை வருடத்துக்கு 3 கிலோ. அதில் யூரியா 800 கிராம், எப்பாவல பொஸ்பேற் 600 கிராம், எம்.ஓ.பி 1,600 கிராம். பாதிக்கு மேல் பொட்டாசியப் பசளைதான் என்பதைக் கவனியுங்கள். யூரியா மட்டும் வாங்கிப் போட்டால் ஓலை கரும்பச்சையாகும், குரும்பட்டி நிற்காது. இதற்கு மேல் மக்னீசியத்துக்காக மரத்துக்கு ஒரு கிலோ டொலமைட். அதை யூரியாவோடு கலந்து போடக்கூடாது, நைதரசன் காற்றோடு போய்விடும். பெரியம்மாவின் பதினான்கு மரத்துக்குக் கலவை 42 கிலோ, ஒரு மூடைக்கும் குறைவு. 2024 இறுதியில் ரஷ்யா அன்பளிப்பாகத் தந்த 55,000 தொன் எம்.ஓ.பியில் ஒரு பகுதி தென்னைப் பசளையாக மானிய விலைக்கு வந்தது. அந்தச் செய்தி பெரியம்மாவுக்கு என் மூலம்தான் போனது.

போடும் விதமும் முக்கியம். மரத்தைச் சுற்றி ஆறடிக்குச் சற்றுக் குறைவான வட்டத்தில் புல்லைச் செதுக்கி, மண் ஈரமாக இருக்கும்போது பரவித் தூவி, மேலாகக் கொத்திக் கலந்து, காய்ந்த ஓலையால் மூட வேண்டும். அடிமரத்தோடு குவிப்பதில் பயனில்லை. அடைமழைக்குள் போடுவதும் வீண். மணலில் இரண்டு தவணையாகப் பிரித்துப் போடுவது நல்லது. கோடையில் தண்ணீரே காட்டாத மரத்துக்கு எந்தப் பசளையும் உதவாது, கரையாத பசளையை வேர் எடுக்காது.

இந்தக் கலவை எல்லா மண்ணுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி புதுக்குடியிருப்பில் 'வடக்குத் தெங்கு முக்கோண'த்தை ஆரம்பித்து வைத்திருக்கிறார். எப்பாவல பொஸ்பேற் ஒரு பாறைத் தூள், அது கரைய மண்ணில் புளிப்பு வேண்டும். குருநாகல், கம்பஹா பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் அது உண்டு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் அடியில் இருப்பதோ சுண்ணாம்புக்கல். அங்கே அந்தத் தூள் தூளாகவே கிடக்கும், டொலமைட் சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு. அப்படியான மண்ணில் கரையும் பொஸ்பேற்றும், மக்னீசியத்துக்குக் கீசறைற்றும் தேவை. கல்சியம் மிகுந்த இடத்தில் பொட்டாசியத்தை வேர் எடுப்பதும் சிரமம். ஆகவே கன்று கொடுப்பவர்கள் மண்ணின் புளிப்பையும் அளந்து கொடுக்க வேண்டும். காய்க்கும் மரமென்றால் பதினான்காவது ஓலையை ஆய்வுக்கு எடுப்பது வழமை. முழுதாக விரிந்த முதல் ஓலையிலிருந்து கீழ்நோக்கி எண்ண வேண்டும். அதன் கவட்டில் கைமுட்டி அளவுக் காய்க்குலை இருக்கும், அதை வைத்து ஏறாமலே அடையாளம் பிடிக்கலாம். ஏக்கர் கணக்கும் கன்றுக் கணக்கும் மேடைகளில் நிறையக் கேட்டேன். இந்த ஓலையைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று காத்திருக்கிறேன்.

மாரியின் முதல் மழைகள் விழுந்து மண் நனைந்த பிறகு பெரியம்மா பாதி மூடையைப் போட்டார். மிச்சம் மழை ஓயும் தறுவாயில். உரித்த பொச்சையும் இனி வளவுக்குள்ளேயே போடச் சம்மதித்திருக்கிறார். முதலில் குரும்பட்டி உதிர்வது குறைகிறதா என்று வரும் மாதங்களில் பார்க்கலாம், குலை நிறைவதைப் பார்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்று சொன்னேன். "அதுவரைக்கும் நான் இருந்தால்தானே பிள்ளை" என்று சிரித்துவிட்டு, அன்று காலை விழுந்திருந்த நான்கு குரும்பட்டிகளை எடுத்துத் தானே தொப்பியைக் கழற்றத் தொடங்கினார்.