பென்ஷனைப் பாதி பிரிக்கலாமா?



பள்ளிபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாதம் 70,000 ரூபாய் பென்ஷன். வங்கியில் 80 லட்சம் டெபாசிட், ஏழு சதவீத வட்டி. மனைவிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் இல்லை. டொரன்டோவில் இருக்கும் மச்சினன் போனில் சொன்னாராம்: "நாங்க ரெண்டு பேரும் பென்ஷனைப் பாதிப் பாதியாக் காட்டித்தான் வரி கட்டறோம் மாமா. நீங்களும் செய்யுங்களேன்."

மச்சினன் சொல்வது உண்மைதான். கனடாவில் 2007 முதல், தகுதியுள்ள பென்ஷனில் பாதிவரை துணைவர் கணக்கில் காட்டலாம். நம் நாட்டில் அந்த வழி கிடையாது. இங்கே கணவனும் மனைவியும் வரிக்குத் தனித்தனி ஆட்கள். பென்ஷன் சம்பளத்தின் தொடர்ச்சி என்பதால் உழைத்தவருக்கே வரி. ஜாயின்ட் அக்கவுண்டில் விழுந்தாலும் அப்படித்தான்.

2025-26 கணக்கைப் புதிய முறையில் போட்டுப் பார்த்தேன். பென்ஷன் 8.4 லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 போக 7.65 லட்சம். வட்டி 5.6 லட்சம். ஆக 13.25 லட்சம், வரி 81,900 ரூபாய். வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்திருந்தால் வரியே இல்லை. எனவே 20 லட்சத்தை மனைவி பெயருக்கு மாற்றினால், 1.4 லட்சம் வட்டி அந்தப் பக்கம் போய்விடும், இவர் 11.85 லட்சத்தில் நிற்பார் என்பது அவர் கணக்கு.

இங்கேதான் சிக்கல். மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டாம். ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டி, வருமான வரிச் சட்டப்படி கொடுத்த கணவரின் வருமானத்திலேயே சேரும். மனைவி வரி பிடிக்க வேண்டாம் என்று படிவம் கொடுத்தால் வங்கி வரி பிடிக்காமல் விடலாம். வரி மட்டும் ஒழியாது. தபால் நிலைய மூத்த குடிமக்கள் திட்டத்தில் மனைவியை இரண்டாவது பெயராகச் சேர்த்தாலும் முழுத்தொகையும் முதல் பெயருக்கே உரியது.

ஒரு சின்ன விலக்கு உண்டு. முதலாண்டு வட்டி 1.4 லட்சம் இவர் கணக்கில் சேர்ந்தபின், அதை மனைவி தனி டெபாசிட்டாகப் போட்டால், அதில் வரும் 9,800 ரூபாய் அவருடைய வருமானம். பலன் மெதுவாகத்தான் வரும். கல்யாணமான மகளுக்குப் பணம் கொடுத்தால் அந்த வட்டி திரும்பி ஒட்டாது. மருமகளுக்குக் கொடுத்தால் ஒட்டும்! பணம் கைவிட்டுப் போய்விடும் என்பதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், மனைவி தன் சொந்த இரண்டு தறிகளை விற்ற 4 லட்சமும் கணவர் பெயரில்தான் கிடக்கிறது என்று எழுதியிருந்தார். ஐயா, அதை முதலில் அம்மா பெயரில் தனி டெபாசிட்டாக்குங்கள். அந்தக் காசு அவருடையது, வட்டியும் அவருக்கே. தறி விற்ற ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கேட்டால் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்