வாடகைக் கடிதம்

குற்றாலத்தில் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து லாட்ஜ் நடத்துபவருக்குப் பிப்ரவரி பிறந்தாலே வயிற்றைக் கலக்கும். சபரிமலைக் கூட்டம் ஜனவரியோடு போய்விடும். அருவியில் தண்ணீர் விழ ஜூன் சாரல் வரவேண்டும். இடையில் நான்கு மாதம் வாடகை மட்டும் குறையாது. அப்போது வாடகையைக் குறைக்கக் கேட்டு எழுதப்படும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே புலம்பல்: "அண்ணாச்சி, வியாபாரம் டல், பார்த்துச் செய்யுங்க." எவ்வளவு, எதுவரை என்று இருக்காது. கட்டட உரிமையாளரின் பயமே வேறு. இன்று குறைத்தால் அதுவே நிலையான வாடகையாகிவிடுமோ என்பதுதான் அது. அந்தப் பயத்துக்குத்தான் கடிதம் பதில் சொல்ல வேண்டும். மாத வாடகை 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 70,000 தருகிறேன், நிற்கும் 2 லட்சத்தை ஜூலையிலும் ஆகஸ்டிலும் லட்சம் லட்சமாகக் கட்டிவிடுகிறேன், ஒப்பந்த வாடகையில் மாற்றமில்லை, அட்வான்ஸில் கழிக்க வேண்டாம் என்று எழுதினால் அவருக்கு இழப்பில்லை, தாமதம் மட்டுமே. சென்ற ஆண்டு அதே மாதங்களின் அறைப் பதிவேட்டு நகலையும் இணைக்கலாம். புலம்பலை விட அது நன்றாகப் பேசும். சம்மதம் கிடைத்தால் வாய்ச்சொல்லோடு விடாமல், கடித நகலிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். முக்கியமாக, பாக்கி விழுந்த பிறகு மார்ச்சில் எழுதாதீர்கள். ஜனவரி வாடகையைக் கொடுக்கும்போதே கடிதத்தையும் கொடுங்கள்.