ஓராண்டுப் பணி ஆணையை நம்பி ஐந்தாண்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மகள் பி.எஸ்சி. வேளாண்மை முடித்திருக்கிறாள். அட்மா திட்டத்தில் உதவித் தொழில்நுட்ப மேலாளர் பணி கிடைத்திருக்கிறது. மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், ஓராண்டு ஒப்பந்தம். வெள்ளை ஈயும் வேர் வாடலும் வந்ததில் தென்னை வருமானம் பாதியாகிவிட்டது. அவள் சம்பளத்தை வைத்து 3 லட்சம் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடலாமா?
- ஒரு வாசகர், கிணத்துக்கடவு

பதில்: பணியில் சேரலாம். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். ஏன் என்பதைப் பணி ஆணையே சொல்லும்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. அட்மா 2005 முதல் நடக்கும் திட்டம். மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் பணம் வருகிறது. 'இருபது வருசமா நடக்குதே, இனி எங்கே நிற்கப் போகுது' என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் திட்டம் நீடிப்பது வேறு, அதில் ஓர் ஆள் நீடிப்பது வேறு. ஆணையில் எழுதியிருக்கும் கடைசித் தேதி வரைக்குமே மகளுக்கு உறுதி. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வரும் ஆராய்ச்சித் திட்டப் பணிகளில் இன்னும் கவனம் வேண்டும். மூன்றாண்டுத் திட்டத்தில் மூன்றாம் ஆண்டு சேர்ந்தால் மிஞ்சுவது சில மாதங்களே. 'திட்டம் எப்போது முடிகிறது?' என்று சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது, ஆணையில் கையெழுத்துப் போடுவது யார் என்பது. மாவட்ட அலுவலகம் நேரடியாக நியமிக்கிறதா, வெளிமுகமை வழியாக எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முகமை வழி என்றால் 25,000 என்பது கைக்கு வரும் தொகையா, முகமை செலுத்தும் வைப்பு நிதிப் பங்கும் அதற்குள் அடக்கமா என்று எழுத்தில் கேட்பது நல்லது. அடக்கம் என்றால், 15,000 ரூபாய் வரம்புக்கு 12 சதவீதம் என்று இரு பங்கும் சேர்ந்து 3,600 போய்விடும்.

வைப்பு நிதி இல்லாமலும் போகலாம். முதன்முதலாக வேலைக்குச் சேர்பவருக்குச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் அது கட்டாயமில்லை. ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியோ 21,000 வரைதான். ஆக 25,000 சம்பளம் இந்த இரண்டு வரம்பையும் தாண்டி நிற்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். புதிதாக வருமானச் சான்று வாங்கும்போது மகளின் சம்பளமும் கணக்கில் வரும். அதனால் மருத்துவக் காப்பீட்டுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்க வேண்டியிருக்கும்.

இனி மாதக் கணக்கு. கிராமம் கிராமமாகப் போகும் வேலை இது. நாளைக்கு 40 கிலோமீட்டர் வண்டி ஓடினால், 25 நாளில் 1,000 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு மட்டும் சுமார் 2,000 ரூபாய். பயணப்படி தனியாக உண்டா என்பதைக் கேட்க வேண்டும். வைப்பு நிதியும் பிடித்தால் மிஞ்சுவது 19,400. இதில் காப்பீடும் வண்டிப் பராமரிப்பும் இன்னும் கழியவில்லை.

3 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் சுமார் 6,500. மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு. சம்பளம் வரும் வரை கட்டிவிடலாம். ஆனால் ஆணைக்கு ஆயுள் 12 மாதம், கடனுக்கு 60 மாதம். பதின்மூன்றாம் மாதம் ஆணை புதுப்பிக்கப்படாவிட்டால் தவணையைத் தென்னைதான் கட்ட வேண்டும். ஆணை புதுப்பித்தாலும், நிதியாண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கீடு வரும் வரை சம்பளம் தாமதமாவது திட்டப் பணிகளில் உண்டு. அதே வட்டாரத்தில் வேலை பார்ப்பவரிடம், 'போன வருசம் ஏப்ரல் சம்பளம் எப்போ வந்துச்சு?' என்று கேட்டாலே நிலவரம் தெரிந்துவிடும்.

'பல வருசம் இருந்தால் நிரந்தரமாக்கிவிடுவார்கள்' என்ற பேச்சையும் நம்பியிருக்க முடியாது. ஒப்பந்தத்தில் நீண்ட காலம் வேலை பார்த்ததால் மட்டும் நிரந்தரம் கேட்கும் உரிமை வராது என்று உமாதேவி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு சிலருக்கு நிவாரணம் கிடைத்திருக்கிறது. அது அவரவர் வழக்கின் தன்மையைப் பொறுத்தது.

நிரந்தரப் பணிக்கு வழி டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. வேளாண்மை அலுவலர் பதவிக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே 37,700, படிகள் தனி. ஒப்பந்தப் பணியில் கிடைக்கும் களப் பழக்கம் மகளுக்கு உதவும். அந்த வேலை படிக்கும் நேரத்தை முழுதும் தின்றுவிடக் கூடாது.

ஆகவே முதல் ஆண்டுச் சம்பளத்தில் மூன்று மாதச் செலவுக்கான பணத்தை மகள் பெயரில் சேர்த்து வைத்துவிட்டு, கிணற்றை அதன்பின் யோசிக்கலாம். அப்போதும் தவணையைத் தோப்பு வருமானமே தாங்குமா என்று பார்த்தே கடன் வாங்க வேண்டும்.