நடுவில் நிற்கும் வீட்டைக் கேளுங்கள்

கல்வி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் வாங்கப் போன ஒரு மாணவியுடன் சில மாதங்களுக்கு முன் நாங்களும் போயிருந்தோம். அப்பாவுக்குக் கட்டட வேலை. அம்மாவுக்கு நூறு நாள் வேலை, அது இல்லாத நாட்களில் களையெடுப்பு. விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த அலுவலர் சிரித்தார். "தமிழ்நாட்டுல ஒரு ஆளுக்கே வருஷத்துக்கு மூணு லட்சம் வருமானம்னு பேப்பர்ல போட்டிருக்கான். உங்க வீட்டுல நாலு பேரு. பன்னெண்டு லட்சம் வரணுமேம்மா, ஒன்னேகால் லட்சம்கூட இல்லையா?"

அந்தப் பெண் பதில் பேசவில்லை. வெளியே வந்ததும் எங்களிடம் கேட்டாள், "அக்கா, அவர் சொன்ன கணக்கு தப்பா?"

அவர் சொன்ன எண் தப்பில்லை. தமிழ்நாட்டின் தலா வருமானம் நடப்பு விலையில் 2023-24ஆம் ஆண்டு 3 லட்சம் ரூபாயைத் தாண்டியது உண்மை. அந்த எண்ணை அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்ததுதான் தப்பு. தலா வருமானம் என்பது வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கே அல்ல. மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பை மக்கள்தொகையால் வகுத்தால் வருவது. கம்பெனிகள் யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் லாபமும் அதற்குள் இருக்கிறது. சரி, அதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டு வருமானத்தை மட்டும் கேட்டு எடுத்தாலும், கூட்டி வகுக்கும் வேலையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு என்று இரண்டு படித்திருப்போம். எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் இடைநிலை. தேர்வுக்காக இரண்டையும் போட்டுவிட்டு மறந்துவிட்டோம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மறைகிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பதினோரு வீடுள்ள ஒரு சின்ன ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். காலனியில் ஆறு வீடு. மாத வருமானம் 8,000, 9,000, 9,500, 10,000, 11,000, 12,000. ஊர்த்தெருவில் ஐந்து வீடு. அங்கே 14,000, 16,000, 22,000, 38,500. கடைசி வீடு ரைஸ் மில்லும் இரண்டு லாரியும் வைத்திருப்பவருடையது, 1,80,000. மொத்தம் 3,30,000 ரூபாய். பதினொன்றால் வகுத்தால் சராசரி 30,000. வரிசையில் ஆறாவதாக, நட்டநடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் 12,000. இதுதான் இடைநிலை.

மாதம் 30,000 சம்பாதிக்கும் வீடு அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. பதினொன்றில் ஒன்பது வீடு அதற்குக் கீழேதான் இருக்கிறது. சராசரி என்பது இருப்பதையெல்லாம் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று சொல்லும் எண். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை என்பதை அது சொல்லாது. இடைநிலையோ நிஜமாக இருக்கும் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறது. பாதி வீடுகள் இதற்கு மேல், பாதி வீடுகள் இதற்குக் கீழ் என்கிறது. ஒரு சாதாரணக் குடும்பம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எங்கள் பதில் 12,000 ரூபாய் வீடுதான்.

அடுத்த ஆண்டு ரைஸ் மில்காரரின் வருமானம் 2,90,000 ஆகிறது என்று வையுங்கள். மற்ற பத்து வீட்டிலும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. சராசரி 40,000 ஆகிவிடும். ஊரே மூன்றில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டது என்று எழுதலாம், பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது. இடைநிலை மட்டும் 12,000லேயே நிற்கும். வருமானத்துக்குக் கீழே ஒரு தரை உண்டு, மேலே கூரை கிடையாது. அதனால்தான் பணம் ஓரிடத்தில் குவிந்திருக்கும் எந்தச் சமூகத்திலும் சராசரி மேலே ஏறி நிற்கும், இடைநிலை கீழே நிற்கும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஆண்டுதோறும் இரண்டையுமே வெளியிடுகிறது. 2023இல் அங்கே குடும்ப வருமானத்தின் இடைநிலை 80,610 டாலர், சராசரி 1,10,000 டாலருக்கு மேல். அங்கே செய்திகளில் முதலில் வருவது இடைநிலைதான். இனவாரியாகவும் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் செய்திக்கு வருவது பெரும்பாலும் சராசரி. விவசாயக் குடும்பங்களின் நிலை பற்றிய தேசிய மாதிரி ஆய்வு, 2018-19இல் அவர்களின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்றது. அந்தக் குடும்பங்களில் பத்துக்கு ஏழு, ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம் உள்ளவை. பத்து ஹெக்டேருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களின் சராசரியோ 60,000 ரூபாயைத் தாண்டியது. எண்ணிக்கையில் அவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் 10,218ஐ மேலே இழுத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். சொந்தமாகப் பயிரோ கால்நடையோ இல்லாமல் கூலி வேலை மட்டும் செய்யும் குடும்பங்கள் இந்த ஆய்வின் வரையறைக்குள்ளேயே வராது. நிலமில்லாத தலித் கூலிக் குடும்பம் இந்தச் சராசரியில் கீழே இல்லை, அதில் இல்லவே இல்லை. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் யாரை எண்ணியிருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இடைநிலையை யாரும் சொல்லாத இடத்திலும் நாம் அதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். 2011இன் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில், கிராமப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு 74க்கு மேல், அதிகம் சம்பாதிக்கும் ஒருவரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழ் என்று வந்தது. பட்டியல் சாதிக் குடும்பங்களில் இது நூற்றுக்கு 83க்கு மேல். பாதிக்கு மேற்பட்டோர் ஒரு எண்ணுக்குக் கீழே இருந்தால் இடைநிலையும் அந்த எண்ணுக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். இது குடும்பத்தின் மொத்த வருமானம் அல்ல, ஒருவருடையது மட்டும். அதை மறக்காமல் பயன்படுத்தினால் போதும்.

இனி நம் பதினோரு வீட்டுக்குத் திரும்புவோம். இடைநிலை 12,000 என்றோம். அந்த நடுவீடு எங்கே இருக்கிறது? காலனியில். ஆனால் காலனியிலேயே அதிகம் சம்பாதிக்கும் வீடு அது. ஊருக்கு நடுவில் இருப்பது சேரிக்கு உச்சியில் இருக்கிறது. காலனியின் ஆறு வீட்டை மட்டும் தனியாக எடுத்தால் இடைநிலை 9,750, சராசரி 9,900 சொச்சம். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஊர்த்தெருவில் இடைநிலை 22,000, சராசரி 54,100. காலனியில் இரண்டும் ஒட்டி நிற்பதைப் பார்த்து அங்கே சமத்துவம் என்று யாராவது கட்டுரை எழுதக்கூடும். சராசரியைத் தூக்கிவிட அங்கே ஒரு பணக்காரர்கூட இல்லை, அவ்வளவுதான். ஆறு வீடும் சேர்ந்து ஊரின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 18தான் பெறுகின்றன.

ஆகவே சராசரி வேண்டாம், இடைநிலை கொடு என்று கேட்பது பாதிக் கோரிக்கைதான். சாதிவாரியாகப் பிரித்த இடைநிலை கொடு என்று கேட்க வேண்டும். இதைப் பிறகு யாரும் சேர்த்துப் பிரித்துக் கண்டுபிடிக்க முடியாது. சராசரிகளை வீட்டு எண்ணிக்கையோடு பெருக்கிக் கூட்டினால் மொத்தச் சராசரி வந்துவிடும். இடைநிலையில் அந்த வசதி இல்லை. 9,750, 22,000 என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 12,000ஐ எந்த வழியிலும் எட்ட முடியாது. வீடுவாரிப் பட்டியல் கையில் இருப்பவர்தான் போட முடியும். அது அரசிடம் இருக்கிறது.

நாமே ஒரு தெருவில் கணக்கெடுத்தால் நம்மிடமும் இருக்கும். எங்கள் அனுபவத்தில் சில விஷயங்கள். "மாசம் எவ்வளவு வரும்" என்று கேட்காதீர்கள், நல்ல மாதத்தின் கணக்கைத்தான் சொல்வார்கள். எந்தப் பருவத்தில் எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்று கேட்டு ஆண்டுக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். குழுக்கடனை வருமானத்தில் சேர்க்காதீர்கள். எத்தனை பேர் உழைத்து அந்தப் பணம் வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் ஏற்றிய பிறகு இந்த இரண்டு வரி போதும்:

```
=AVERAGE(B2:B12)
=MEDIAN(B2:B12)
```

வருமானமே இல்லாத வீட்டுக்குப் பூஜ்யம் போட வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் இரண்டு கணக்குமே அந்த வீட்டைத் தள்ளிவிடும். ஒருமுறை நாங்கள் எடுத்த கணக்கில் ஒருவர் ஆண்டு வருமானத்தை மாதக் கட்டத்தில் போட்டுவிட்டார். நம் ஊரில் 10,000 வீட்டுக்கு அப்படி 1,20,000 என்று விழுந்தால் சராசரி 30,000இலிருந்து 40,000க்குத் தாவும், இடைநிலை 14,000க்குத்தான் நகரும். ஒரு தட்டச்சுப் பிழையும் ரைஸ் மில்காரரின் நல்ல ஆண்டும் சராசரிக்கு ஒன்றுதான். இரண்டு எண்ணுக்கும் நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால் முதலில் மேலே உள்ள நாலைந்து வீட்டின் தாளை எடுத்துச் சரிபாருங்கள். பிழை இல்லை என்றால் அந்த இடைவெளிதான் உங்கள் அறிக்கையின் முதல் வரி.

இடைநிலையும் எல்லாவற்றையும் பார்த்துவிடாது. நடுவீட்டுக்குக் கீழே இருக்கும் ஐந்து வீட்டின் கூலியும் நாளை பாதியாகக் குறைந்தாலும் அது அசையாமல் 12,000 என்றே சொல்லும். அதனால் கீழ்க்கால் பகுதியின் எல்லையையும், நம் ஊரில் கீழிருந்து மூன்றாவது வீட்டின் 9,500ஐயும், கூடவே எழுதுங்கள். நிதி ஒதுக்கீடு எவ்வளவு வேண்டும், பறிபோன கூலி மொத்தம் எவ்வளவு என்று பேசும்போது மட்டும் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தத்தைத் திருப்பித் தருவது அதுதான்.

உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2,50,000 ரூபாய். நம் ஊரின் சராசரியைப் பன்னிரண்டால் பெருக்கினால் 3,60,000, அந்த ஊரில் யாருக்குமே உதவித்தொகை வேண்டாம் என்று தோன்றும். இடைநிலையைப் பெருக்கினால் 1,44,000. வீடு வீடாகப் பார்த்தால் பதினொன்றில் எட்டு வீடு வரம்புக்குள், காலனியின் ஆறும் அதில் அடக்கம். அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு மாணவியிடம் கொடுத்தோம். அடுத்த வாரம் அவள் தன் அம்மாவோடு தனியாகவே போனாள். தாளைக் காட்ட வேண்டி வரவில்லை, வேறொருவர் நாற்காலியில் இருந்தார். சான்றிதழில் 1,20,000 என்றே போட்டுக் கொடுத்தார்கள்.