அம்பது பிளேட் கணக்கு

ஊரில் கலியாணச் சாப்பாடு என்றால் பந்தியில் இலை எண்ணுவார்கள். எத்தனை இலை விழுந்ததோ அதுக்குத்தான் காசு. சமையல்காரருக்கும் பெண் வீட்டாருக்கும் சண்டை வந்தாலும் இலை பொய் சொல்லாது. இங்கே எல்லாம் பஃபே. 250 பேருக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்கும், ஆனால் 250 பேர் சாப்பிட்டார்களா என்று எண்ண ஒரு இலையும் இல்லை.

போன வருடம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் என் மச்சாளின் ரிசெப்ஷனில் இதுதான் நடந்தது. 25 மேசை, மேசைக்குப் பத்துப் பேர். எம்சி ஒவ்வொரு மேசையாகக் கூப்பிட்டார். இருபதாவது மேசை எடுத்து முடிய ட்ரேக்கள் காலி. கடைசி ஐந்து மேசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாமாவின் வேலையிட ஆட்களும் ரொறன்ரோவில் இருந்து காரோடி வந்த சொந்தங்களும். அவர்களுக்கு இரவு பத்து மணிக்கு பீட்சா வந்தது. அதோடு, ஆட்டிறைச்சிக்குப் பதில் கோழி. அப்பம் சுட்டுக் கொடுக்கிற ஸ்டேஷன் வரவேயில்லை. மாமா அன்றிரவு மேசை மேசையாகப் போய் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். காசை விட அதுதான் அவருக்கு வலித்தது.

ஒரு வாரம் கழித்து மாமா சொன்னார்: "தம்பி, முழுக்காசையும் திருப்பிக் கேப்பம்." மாமி சொன்னா: "விடுங்கோ, எங்கட ஆளைக் கோர்ட்டுக்கு இழுக்கிறதோ?" இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

முழுக்காசு கிடைக்காது. இருநூறு பேர் சாப்பிட்டுவிட்டார்கள், அந்தச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கியூபெக் சிவில் கோட் 1604ஆம் பிரிவு, செய்யாத பங்குக்கு ஏற்ப விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையைத் தருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் எழுதியதும் கொடுத்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது, 272ஆம் பிரிவும் விலைக் குறைப்பைக் கேட்க விடுகிறது. கேட்டரரின் தாளில் கீழே பொடி எழுத்தில் "பணம் திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. அதைப் பார்த்து மாமா பயந்தார். தன் செயலின் பொறுப்பில் இருந்து வியாபாரி தன்னைத்தானே விடுவித்துக்கொள்ளும் வரி செல்லாது என்று அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது.

ஆகவே கேள்வி எவ்வளவு என்பதுதான். நான் எக்செல் திறந்தேன், தொழில் புத்தி!

பிளேட்டுக்கு 45 டொலர், அப்ப ஸ்டேஷனுக்கு மேலதிகமாக 4, மொத்தம் 49. சாப்பாடே கிடைக்காத 50 பேருக்கு முழு 49, அது 2,450. சாப்பிட்ட 200 பேருக்கும் அப்பம் இல்லை, தலைக்கு 4. ஆட்டிறைச்சி கோழியானதுக்கு எவ்வளவு? நாங்களாக ஒரு தொகை சொன்னால் எதிராளி சிரிப்பார். நல்லகாலம், கேட்டரரின் முதல் விலைப்பட்டியலிலேயே கோழி பக்கேஜ் 42, ஆட்டிறைச்சி பக்கேஜ் 45 என்று இருந்தது. வித்தியாசம் 3, அவரே போட்ட விலை. 200 பேருக்கு தலைக்கு 7 என்று 1,400. மொத்தம் 3,850. அதுக்கு மேல் கட்டிய வரியும் திரும்ப வர வேண்டும், இரண்டு வரியும் சேர்த்து 14.975 சதவீதம். ஆக 4,426 டொலர் 54 சதம்.

கவனித்தீர்களா, சாப்பிடாத 50 பேருக்கு அப்பக் காசைத் தனியாகக் கூட்டவில்லை. அவர்களுடைய 49க்குள் அது ஏற்கனவே இருக்கிறது. பீட்சா பில் 380ஐயும் விட்டுவிட்டோம். மாமாவுக்கு அதில் விருப்பம் இல்லை. ஆனால் 50 பிளேட்டின் விலையையும் வாங்கி, அதுக்குப் பதிலாக வாங்கின பீட்சாவின் விலையையும் வாங்கினால் ஒரே நட்டத்துக்கு இரண்டு தரம் காசு. பீட்சா அந்த 2,450ஐத் தாண்டியிருந்தால் கூடின பங்கைக் கேட்டிருக்கலாம். இப்படி ஒரு இடத்தில் இரட்டிப்பாகக் கேட்டால் மற்றக் கணக்குகளையும் நீதிபதி சந்தேகமாகப் பார்ப்பார்.

அவமானத்துக்கு என்ன விலை? சிவில் கோட் மனவேதனைக்கும் நட்டஈடு தரும், ஆனால் பெரிய தொகையை எதிர்பார்க்கக்கூடாது. இங்கிலாந்தில் ஜார்விஸ் என்ற வழக்கறிஞர் 1969 கிறிஸ்துமஸுக்கு சுவிட்சர்லாந்து போனார். விளம்பரத்தில் ஹவுஸ் பார்ட்டி என்றார்கள். இரண்டாவது வாரம் ஹோட்டலில் அவர் ஒருத்தர்தான் விருந்தாளி. கொடுத்த காசு சுமார் 63 பவுண்ட். கீழ்க்கோர்ட் அதில் பாதியைத்தான் கொடுத்தது. மேன்முறையீட்டில் டெனிங் பிரபு ஏமாற்றத்தையும் சேர்த்து 125 ஆக்கினார். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் கலியாணச் சாப்பாடும் அதே வகை: விற்றது சோறு மட்டும் இல்லை. நாங்கள் 1,000 கேட்டோம்.

கேட்டரர் இரண்டு பதில் வைத்திருந்தார். "கூட ஆக்கள் வந்திட்டினம்." அதுக்கு இருக்கைத் திட்டமும், வருவதாகச் சொன்னவர்களின் பட்டியலும், மண்டபத்தில் போட்ட கதிரைக் கணக்கும் இருந்தன. "முதல் மேசைக்காரர் அள்ளிப் போட்டுட்டினம்." ஆனால் கரண்டி பிடித்து நின்றது அவருடைய ஆட்கள். வீடியோகாரரிடம் எடிட் பண்ணாத கோப்பைக் கேட்டு வாங்கினோம். அதில் நேரத்தோடு காலி ட்ரே தெரிகிறது, இறைச்சி வைக்கிற ஆளின் கையும் தெரிகிறது. எடிட் பண்ணின கலியாண வீடியோவில் காலி ட்ரே எங்கே இருக்கும்? அதனால் ஒரு மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். கடைசி மேசைகளில் இருந்த மூன்று பேர் என்ன நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள்.

பிறகு மீஸ்-ஆன்-டெமர், அதாவது பதிவுத்தபாலில் கோரிக்கைக் கடிதம். கலியாண இரவு கடந்த பிறகு சோறு கொண்டுவந்து பிரயோசனம் இல்லை, ஆகவே கடிதம் இல்லாமலே அவர் தவறியவர்தான் என்று 1597ஆம் பிரிவை வைத்து வாதாடலாம். இருந்தாலும் அனுப்புங்கள். வட்டிக்கும் உதவும், கோர்ட் படிவத்திலும் அதைக் கேட்பார்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம். மேலே சொன்ன கணக்கு, பத்து நாள் அவகாசம், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மாமா, ஆகவே கடிதமும் வழக்கும் மாமாவின் பெயரில்தான் போக வேண்டும், மாப்பிள்ளை பொம்பிளை பெயரில் இல்லை.

பதில் வரவில்லை. ஸ்மோல் கிளெய்ம்ஸில் போட்டோம். 15,000 டொலர் வரைக்கும் அங்கே போகலாம். பொதுவாக லோயர் உங்களுக்காகப் பேச முடியாது, அவருக்காகவும் முடியாது. மாமி பயந்த "கோர்ட்" இது இல்லை. நுகர்வோர் என்பதால் நீங்கள் இருக்கிற இடத்துக் கோர்ட்டிலேயே போடலாம். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

மத்தியஸ்தம் இலவசம் என்று கடிதம் வந்தது. மாமா போக மறுத்தார். "நேரில முகத்தைப் பாக்கேலாது." பிறகு போனார். ஸ்மோல் கிளெய்ம்ஸ் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை, நீதிபதி 200 பிளேட் கணக்கை நம்பாவிட்டால் அத்தோடு முடிந்தது என்று நான் சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மத்தியஸ்தர் எங்கள் ஒரு பக்கக் கணக்கை மேசையில் வைத்து வரி வரியாகக் கேட்டார். 50 பிளேட்டுக்குக் கேட்டரர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பம் பற்றியும் இல்லை. கோழி ஆட்டிறைச்சி வித்தியாசத்துக்குத்தான் கொஞ்சம் சண்டை பிடித்தார், தன் விலைப்பட்டியலைக் கண்டதும் அடங்கினார். கடைசியில் மனவேதனைத் தொகையை விட்டுக்கொடுத்து, மிச்சத்தில் 4,000க்கு இரண்டு தவணையில் ஒத்துக்கொண்டார்கள். எழுத்தில், இரண்டு பேரின் கையெழுத்தோடு. முதல் தவணை சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது ஒன்பது நாள் பிந்தியது, மாமா அந்த ஒன்பது நாளும் தினமும் எனக்குப் போன் எடுத்தார்.