அச்சம் வேறு, கவலை வேறு

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் மக்காச்சோளக் காட்டில் களையெடுப்பவர் முன் நல்ல பாம்பொன்று படமெடுக்கிறது. அவர் பதறி விலகுகிறார். பாம்பு போனதும் படபடப்பும் சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. இதுவே அச்சம். அதற்குக் கண்முன் ஒரு பொருள் உண்டு. உடனே செய்வதற்கு ஒரு செயலும் உண்டு. கவலைக்கு இவ்விரண்டும் இல்லை. இன்னும் நிகழாத ஒன்றை எண்ணி, "அப்படி ஆகிவிட்டால்?" என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகள் பல. அத்தகைய வீட்டுத் தாய் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இரவு பத்து மணிக்கு வரும் மகனின் அழைப்பு இன்று வரவில்லை. பத்தரைக்குள் ஆறு முறை அழைக்கிறார். வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்க்கிறார். அறைத் தோழரையும் எழுப்பிக் கேட்கிறார். மகனுக்கு ஓவர்டைம் வேலை, அவ்வளவே. தாய்க்கு நிம்மதி பிறக்கிறது. ஆனால், விசாரித்ததால்தான் நிம்மதி வந்தது என்று மனம் பாடம் கற்றுவிடுகிறது. மறுமுறை பத்து நிமிடத் தாமதத்தையும் அதனால் பொறுக்க இயலாது.

கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மிஷேல் தூகா முதலிய உளவியலாளர்கள் 1990களில் இதனை ஆராய்ந்து, நிச்சயமின்மையைத் தாங்க இயலாமை என்று பெயரிட்டனர். ஆபத்தின் அளவைவிட, தெரியாமல் இருப்பதே இத்தகையோரை வாட்டுகிறது. லண்டனில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வும் இதற்கு ஒத்திருக்கிறது. மின்னதிர்ச்சி நிச்சயம் என்று அறிந்தவேளையைவிட, வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதே மக்கள் மிகுதியாகப் பதற்றமுற்றனர்.

ஆகவே, கவலைப்படுவோரிடம் "உனக்கு ஈமான் போதவில்லை" என்பது நியாயமன்று. "ஒன்றும் ஆகாது" என்று நாள்தோறும் உறுதி கூறுவதும் உதவாது என்பது நம் கருத்து. அதுவும் விசாரிப்பைப் போன்றதே. தேறுதல் தீர்ந்ததும் மீண்டும் கேட்கத் தூண்டும்.

தாமதத்தைச் சிறிது சிறிதாகத் தாங்கப் பழகுவதே வழி. அழைப்பு வராத இரவில், "விபத்து நேர்ந்திருக்கும்" என்ற ஊகத்தைத் தாளில் எழுதட்டும். பதினைந்து நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை அழைக்கட்டும். நடந்ததை அதனருகே குறிக்கட்டும். அடுத்த வாரம் அரைமணி நேரம் காக்கட்டும். சில வாரங்களில் அத்தாளே அவருக்குச் சான்றாகும். ஆபத்தான செய்தி உண்மையாகவே வந்திருந்தால் இவ்விதி பொருந்தாது; அப்போது உடனே விசாரிப்பதே கடமை.

கவலை ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்து, உறக்கமும் கெட்டு, உடலும் இறுகிக் கிடந்தால், மனநல மருத்துவரை நாட வேண்டும். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம். தவக்குல் என்பது நாளை நடப்பதை அறிந்துகொள்வதன்று. அறியாமலே இன்றைய கடமையைச் செய்து, முடிவை இறைவனிடம் விடுவது.